காதில் பிழையா, எழுத்தில் பிழையா? ஒலித்துண்டு வைத்துச் சொல்வதெழுதல் பழகும் முறை

‘மழை’ என்பதை ‘மளை’ என்று எழுதிய ஒருவருக்கு அதே ஒலித்துண்டை இன்னும் பத்துத் தடவை போட்டுக் காட்டினாலும் அவர் ‘மளை’ என்றுதான் எழுதுவார். வாசித்தவர் ழகரத்தை ளகரம் போலச் சொல்லியிருந்தால் அந்த ஒலிக்குள் ழகரமே இல்லை. இல்லாததை எத்தனை முறை கேட்டாலும் காது பிடிக்காது. ‘அறிவுறுத்தினர்’ என்பதை ‘அறிவுறுத்தினார்’ என்று எழுதியவருக்கோ இன்னொரு தடவை கவனித்துக் கேட்டாலே போதும். இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோட்டைப் போட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போகிறவர்களின் கொப்பியில், மாதக்கணக்கில் எழுதிய பிறகும் அதே பிழைகள் அதே இடத்தில் நிற்கின்றன.

சொல்வதெழுதல் என்றால் பாடசாலை நினைவு வரும்: ஆசிரியர் வாசிக்க வாசிக்க எழுதி, கடைசியில் பத்துக்கு எத்தனை என்று பார்ப்பது. இங்கே சொல்லப்போவது அதன் இன்னொரு வடிவம். சிறிய ஒலித்துண்டு ஒன்றைக் கேட்டு எழுதி, கையில் உள்ள மூலப்பிரதியோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு பிழையும் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது. கொழும்பில் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசி, ஆங்கில அல்லது சிங்கள மொழிமூலத்தில் படித்து, இப்போது அலுவலகத்தில் ஒரு தமிழ்க் கடிதம் எழுத வேண்டி வந்தால் ர, ற, ன, ண என்று தடுமாறுகிறவர்கள் பலர். அவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். மொழி ஏற்கெனவே தெரியும் என்பதால் பொருள் புரிவதில் சிக்கல் இல்லை. முழுக் கவனத்தையும் ஒலியிலும் எழுத்திலும் வைக்கலாம்.

துண்டு எப்படி இருக்க வேண்டும்

8 முதல் 12 விநாடி வரையிலான ஒரு துண்டு போதும். செய்தி வாசிக்கும் நிதானத்தில் அதற்குள் ஏறத்தாழ 15 சொற்கள் அடங்கும். குறைவு போலத் தோன்றும். ஆனால் கேட்டு, எழுதி, ஒப்பிட்டு, பிழைகளைப் பிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஓடிவிடும். ஒரு நிமிடத் துண்டை எடுத்தால் நேரமெல்லாம் எழுதுவதிலேயே கரைந்து, திருத்தத்துக்கு வரும்போது கையும் மனமும் சோர்ந்துவிடும். பலன் முழுவதும் இருப்பது அந்தத் திருத்தத்தில்தான்.

நீளமான பதிவிலிருந்து வெட்டி எடுப்பதானால், வாசிப்பவர் மூச்சு எடுக்கும் இடத்தில் வெட்டுங்கள். இரண்டு பக்கமும் அரை விநாடி மௌனம் இருக்கட்டும். இறுக்கமாக வெட்டினால் முதல் சொல்லின் தலையெழுத்து போய்விடும். க, ச, ட, த, ப போன்ற வல்லின ஒலிகள் கணநேரத்தில் முடிந்துவிடுவதால் அவைதான் முதலில் காணாமல் போகும்.

ஒலி கிடைப்பது சுலபம். அதற்குச் சரியான எழுத்துப் பிரதி கிடைப்பதுதான் கடினம். வானொலிச் செய்திக்குப் பெரும்பாலும் பிரதி கிடைக்காது. பாராளுமன்ற உரைகள் ஹன்சாட் அறிக்கையில் அவை பேசப்பட்ட மொழியிலேயே அச்சாகின்றன. தமிழில் பேசியது தமிழிலேயே இருக்கும். ஆனால் அச்சுக்குப் போகும் முன் தடுமாற்றங்களும் திரும்பச் சொன்னவையும் சீராக்கப்படுவதால், காதில் விழுவதும் தாளில் இருப்பதும் முழுமையாக ஒத்துப்போகாது. பழகியவருக்கு அது நல்ல களம். தொடங்குகிறவரைக் குழப்பிவிடும்.

ஆகவே தலைகீழாகச் செய்வது நல்லது: முதலில் பிரதி, பிறகு ஒலி. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் ‘தமிழ்மொழியும் இலக்கியமும்’ பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தரம் 6 அல்லது 7 நூலில் ஓர் உரைநடைப் பந்தியைத் தெளிவாக வாசிக்கக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். அம்மம்மாவாக இருக்கலாம், தெரிந்த தமிழ் டீச்சராக இருக்கலாம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வட்ஸ்அப் குரல் செய்தி என்று அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பந்தி என்பதை அவரே தெரிந்தெடுக்கட்டும்; நீங்கள் முன்கூட்டிப் பார்க்கக்கூடாது. அவரிடம் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “சொல் சொல்லாகப் பிரித்து வாசிக்க வேண்டாம், வழக்கமாகச் செய்தித்தாள் வாசிப்பது போல வாசியுங்கள்.” பிரித்து வாசித்தால் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் வரும் ஒற்று காதில் விழாது.

உரையாடல் பதிவுகளைத் தொடக்கத்தில் தொடவேண்டாம். ‘ஒன்று’ என்பதை ஒருவர் ‘ஒண்டு’ என்பார், இன்னொருவர் ‘ஒன்னு’ என்பார். கொழும்பில் இரண்டும் ஒரே பஸ்ஸில் கேட்கும். பேச்சுத்தமிழை எழுத ஒத்துக்கொள்ளப்பட்ட ஒரே முறை இல்லாததால், நீங்கள் எழுதியது பிழையா சரியா என்று தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

கேட்பதும் எழுதுவதும்

கொப்பியும் பேனாவும் நல்லது. கைபேசியில் ‘ம’ என்று தொடங்கினாலே விசைப்பலகை ‘மழை’ என்று நீட்டிவிடும். அதைத் தொட்டதும் எழுத்தைத் தெரிந்தெடுத்தது நீங்கள் அல்ல, கைபேசி. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் முறையிலும் அதே கதைதான். கைபேசியை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் சொற்பரிந்துரையையும் தன்னியக்கத் திருத்தத்தையும் நிறுத்திவிட்டு எழுதட்டும். கொப்பியில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். வெற்று வரி திருத்தத்துக்கு. காலி வீதியோரம் வீடு என்றால் இயர்போன் கட்டாயம் வேண்டும். ஹோர்ன் சத்தத்தில் போன ஒற்றுக்கு உங்கள் காதைக் குறை சொல்ல முடியாது.

முதல் தடவை பேனாவை வைத்துவிட்டு முழுத் துண்டையும் கேளுங்கள். என்ன சொல்லப்படுகிறது என்று தெரிந்தால் போதும். இரண்டாம் தடவை, மூன்று முதல் ஐந்து சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி, நிறுத்திய பிறகு எழுதுங்கள். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதினால், கை ‘வெள்ளவத்தையில்’ என்பதை முடிப்பதற்குள் அடுத்த இரண்டு சொற்கள் காதைத் தாண்டிவிடும். பிடிபடாத சொல்லுக்கு அதன் நீளத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். மூன்றாம் தடவை நிறுத்தாமல் ஓடவிட்டு, கண்ணால் உங்கள் வரியைத் தொடர்ந்துகொண்டே கோடுகளை நிரப்புங்கள்.

நான்காம் தடவை மிச்சமுள்ள கோடுகளுக்கு மட்டும். வேகத்தைக் குறைப்பதானால் 0.75 வரை போதும். அதற்குக் கீழே போனால் உயிரெழுத்துகள் இழுபட்டுக் குறிலும் நெடில் போலக் கேட்கும். ‘கொடு’ என்பது ‘கோடு’ போலத் தோன்றும். நான்கு தடவைக்கும் அகப்படாத சொல்லைக் கோடாகவே விடுங்கள். ஐந்தாம் ஆறாம் தடவையில் எழுதப்படுவது பெரும்பாலும் கேட்டது அல்ல, ஊகித்தது.

பிறகு ஒலியை நிறுத்திவிட்டு, வேறு நிறப் பேனாவை எடுத்து, எழுதியதை மௌனமாக வாசியுங்கள். எழுவாய் பன்மை என்றால் வினையும் பன்மையா, சொல் முழுமையாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துங்கள். நிறம் மாற்றுவது அழகுக்கு அல்ல. ஒலி இல்லாமல் அறிவால் மட்டும் எதைத் திருத்த முடிந்தது என்பது அப்போதுதான் பின்னால் தெரியும்.

இதன் பிறகே பிரதி. ஒப்பிடும்போது கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு வாருங்கள். முன்னிருந்து வாசித்தால் கண் பொருளைப் பிடித்துக்கொண்டு எழுத்தின்மேல் வழுக்கி ஓடிவிடும்.

விடுபட்ட சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. நிறுத்தி எழுதும் தொடர்களில் எப்போதும் கடைசிச் சொல்லே விடுபடுகிறது என்றால் அது காதின் குறை அல்ல, நினைவின் எல்லை. ஐந்து சொல்லுக்கு நிறுத்துவதை மூன்று சொல்லாக்குங்கள். நடுவில் உள்ள சொற்கள் விடுபட்டால்தான் காதைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு துண்டைப் பிரித்துப் பார்ப்போம்

பிரதி இது என்று வைத்துக்கொள்வோம்:

“வெள்ளவத்தையில் நேற்றுப் பெய்த கடும் மழையால் கடலோரப் பாதையில் நீர் தேங்கியது. பயணிகள் மாற்று வழியைப் பயன்படுத்துமாறு பொலிஸார் அறிவுறுத்தினர்.”

பதினைந்தே சொற்கள். பழகத் தொடங்கிய ஒருவரின் கொப்பியில் இது இப்படி வரலாம்:

“வெள்ளவத்தையில் நேற்று பெய்த கடும் மளையால் கடலோர பாதையில் நீர் தேங்கியது. பயனிகள் மாற்று வழியை பயன்படுத்துமாரு பொலிஸார் அரிவுறுத்தினார்.”

எட்டுப் பிழைகள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்தைக் குறியாகப் போடுங்கள்: காதில் வந்த பிழைக்கு ‘கா’, எழுத்தறிவில் வந்ததற்கு ‘எ’, ஒற்று விடுபட்டதற்கு ‘ஒ’. குறி போடும் முன், அந்த இடத்தை மட்டும் பிரதியைப் பார்த்தபடியே திரும்பக் கேளுங்கள். நீங்கள் எழுதியதற்கும் பிரதியில் உள்ளதற்கும் ஒலியில் வேறுபாடு கேட்கிறதா? கேட்டால் ‘கா’. கேட்கவே இல்லையென்றால் ‘எ’.

‘அறிவுறுத்தினார்’ என்ற முடிவுக்குக் ‘கா’. ‘-னர்’ குறில், ‘-னார்’ நெடில். ஒலியில் தெளிவாகக் கேட்கிறது. ஏன் தவறியது? செய்திகளில் ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’ என்று கேட்டுப் பழகிய மனம், சொல் முடிவதற்குள் தானே முடித்து எழுதிவிட்டது. பேச்சிலும் எழுத்திலும் அடிக்கடி வரும் விகுதிகளில் இது நிறைய நடக்கும். மௌன வாசிப்பிலும் பிடித்திருக்கலாம்: பொலிஸார் பலர், ஆகவே ‘அறிவுறுத்தினர்’.

‘மளை’, ‘பயனிகள்’, ‘பயன்படுத்துமாரு’, ‘அரிவு’ ஆகிய நான்குக்கும் ‘எ’. எத்தனை தடவை கேட்டாலும் பெரும்பாலான குரல்களில் இவை ஒன்றுபோலத்தான் கேட்கும். இவற்றைத் திருத்துவது சொற்குடும்பம். ‘பயணி’ வந்தது ‘பயணம்’ என்ற சொல்லிலிருந்து, ஆகவே ண. அதே வாக்கியத்தில் உள்ள ‘பயன்படுத்து’ வந்தது ‘பயன்’ என்பதிலிருந்து, ஆகவே ன. இரண்டும் ஐந்து சொல்லுக்குள் அடுத்தடுத்து வருவதால் ஒன்று மற்றதை இழுத்துவிட்டது. ‘அறி’ என்ற அடியைப் பிடித்துக்கொண்டால் அறிவு, அறிக்கை, அறிவித்தல், அறிமுகம் எல்லாமே றகரத்துக்கு வந்துவிடும். அரிசியும் அரிவாளும் அந்தக் குடும்பத்தில் இல்லை. ‘பயன்படுத்துமாறு’, ‘வருமாறு’, ‘கூறுமாறு’ என்று கேட்டுக்கொள்ளும் பொருளில் வரும் ‘-மாறு’ எப்போதும் றகரம்தான். அலுவலகக் கடிதம் எழுதுகிறவருக்கு இந்த ஒன்றே பாதி வேலையைக் குறைத்துவிடும்.

கவனித்தீர்களா, இதே ஆள் ‘வழியை’ என்பதில் ழகரத்தைச் சரியாக எழுதியிருக்கிறார். அவருக்கு ழகரம் தெரியாமல் இல்லை. ‘வழி’ கண்ணுக்குப் பழகிய அளவுக்கு ‘மழையால்’ பழகவில்லை. ஆகவே “நான் ழ, ள-வில் வீக்” என்று பொதுவாக எழுதிவைப்பதில் பயனில்லை. பிழை எப்போதும் ஒரு குறிப்பிட்ட சொல்லில் இருக்கிறது.

மிச்சம் மூன்று ‘ஒ’: நேற்றுப், கடலோரப், வழியைப். இவைதான் காதுக்கும் அறிவுக்கும் நடுவில் நிற்பவை. தொடர்ந்து வாசிக்கும்போது ‘வழியைப் பயன்’ என்ற இடத்தில் உதடு மூடி ஒரு கணம் நின்று திறக்கிறது. ‘தப்பு’ என்ற சொல்லில் வரும் அதே அழுத்தம். ஒற்று இல்லாத இடத்தில் அந்த நிறுத்தம் இருக்காது. ‘தபால்’ என்பதில் வருவது போல ஒலி மெலிந்து போகும். அதே துண்டில் ‘பெய்த கடும்’ என்ற இடத்தைக் கேட்டு ஒப்பிடுங்கள். அங்கே ஒற்று இல்லை. ஆனால் வாசிப்பவர் ‘வழியை’ என்று சொல்லி மூச்சு எடுத்துவிட்டால் காதுக்கு எந்தத் தடயமும் இல்லை, விதிதான் துணை.

அந்த விதிகள் பல பக்கங்களுக்கு நீளும். தொடக்கத்துக்கு இந்தத் துண்டிலேயே உள்ள மூன்று போதும். ‘வழியை’ போல ஐ உருபும், ‘கொழும்புக்கு’ போலக் கு உருபும் வெளிப்பட நின்றால், அடுத்து வரும் க, ச, த, ப மிகும். ‘கடலோரம்’ போல ம் என்று முடியும் சொல் ம்-ஐ இழந்து அடுத்த சொல்லோடு சேரும்போது மிகும். ‘நேற்று’ என்பதிலும், ‘கேட்டு’, ‘எடுத்து’ போன்ற வினையெச்சங்களிலும் மிகும்: நேற்றுப் பெய்த, கேட்டுக் கொண்டார், எடுத்துச் சென்றார். மிகாத இடமாக ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘பெய்த’, ‘வந்த’, ‘படித்த’ போன்ற பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. எல்லா இடத்திலும் ஒற்றுப் போடும் பழக்கம், ஒற்றே போடாத பழக்கத்தைவிட நல்லது என்று சொல்ல முடியாது.

குரலைச் சோதிக்கும் வழி

ழ, ள வேறுபாடு உங்கள் காதில் விழவில்லையா, அல்லது வாசித்தவர் வாயிலேயே வரவில்லையா? இதைக் கண்டுபிடிக்காமல் காதை நொந்துகொள்வது வீண். வாசிப்பவரிடம் வழி, வளி, உழவு, உளவு, வாழை, வாளை, தாழ், தாள், கழை, களை என்ற பத்துச் சொற்களைக் கொடுத்து, வரிசையைக் குலைத்து, இயல்பாக வாசித்து அனுப்பச் சொல்லுங்கள். எழுதி ஒப்பிடுங்கள். பத்தில் ஐந்து அளவில் சரி என்றால் நாணயம் சுண்டிப் பார்த்து எழுதியதற்கும் உங்கள் எழுத்துக்கும் வித்தியாசமில்லை. ஒன்பது பத்து வந்தால் அந்தக் குரலில் வேறுபாடு இருக்கிறது, உங்கள் காதும் அதைப் பிடிக்கிறது.

ஐந்து வந்தால் அதே பட்டியலை ழகரத்தை நன்றாக நா மடித்துச் சொல்கிற இன்னொருவரிடம் கொடுங்கள். அங்கே எண்ணிக்கை ஏறினால் முதல் குரலில்தான் ஒலி இல்லை. அந்தக் குரலில் வரும் ழ, ள பிழைகளுக்கெல்லாம் யோசிக்காமல் ‘எ’ போட்டுவிடலாம். ஏறாவிட்டால், சில நாட்களுக்கு வாக்கியங்களை விட்டுவிட்டு இந்தச் சோடிகளை மட்டும் கேட்பது நல்லது.

இதே சோதனையை ர, ற-வுக்கும் செய்யலாம்: அரை, அறை, கரி, கறி, இரை, இறை, இரங்கு, இறங்கு, கூரை, கூறை. பெரும்பாலும் ஏமாற்றம்தான் கிடைக்கும். இன்றைய பேச்சில் உயிர்களுக்கு இடையே வரும் இந்த இரண்டையும் வேறுபடுத்திச் சொல்பவர்கள் குறைவு. வீட்டுக்கு மேலே இருப்பது கூரை, கல்யாணத்தில் உடுப்பது கூறை என்று பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சாப்பாட்டுக் கடைப் பலகைகளில் ‘பொறித்த கோழி’ என்று இருப்பதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணும் கெட்டுப்போயிருக்கும். எண்ணெயில் போட்டு எடுப்பது பொரித்த கோழி. பொறிப்பது கல்லில் எழுத்தை.

நல்ல செய்தி, சந்தேகப்பட வேண்டிய இடங்கள் நினைப்பதைவிடக் குறைவு. தமிழ்ச்சொல்லின் முதலெழுத்தாக ண, ன, ள, ழ, ற வருவதில்லை. ஆகவே சொல்லின் தொடக்கத்தில் ந, ல பற்றி யோசிக்கவே வேண்டாம். தகரத்துக்கு முன் ந் (வந்து, பந்து), டகரத்துக்கு முன் ண் (வண்டி, நண்டு), றகரத்துக்கு முன் ன் (கன்று, நன்றி). ‘ஒண்டு’ என்று கேட்டாலும் ‘ஒன்னு’ என்று கேட்டாலும் எழுத்தில் வருவது ‘ஒன்று’ என்றால், அங்கே ன்-தான் நிற்க முடியும். இரட்டிப்பது ற மட்டுமே, ர ஒருபோதும் இரட்டிக்காது. இவற்றைக் கழித்துவிட்டால், மிச்சம் சொல்லின் நடுவிலும் முடிவிலும் வரும் சில இடங்கள்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனெனில் இது எல்லாக் கொப்பிகளிலும் வரும். ‘பயிற்ச்சி’, ‘முயற்ச்சி’ என்று எழுதுவது. ‘வளர்ச்சி’, ‘மகிழ்ச்சி’ என்பவற்றில் ச் இருப்பதால் இங்கும் கை தானாகப் போட்டுவிடுகிறது. காதிலும் ஏறத்தாழ அதே ஒலிதான் விழுகிறது. ற், ட் என்ற வல்லின மெய்களுக்குப் பின் இன்னொரு ஒற்று நிற்காது: பயிற்சி, முயற்சி, காட்சி, ஆட்சி. ர், ழ் என்பவற்றுக்குப் பின் நிற்கும்.

பிழையைக் கொப்பியில் ஏற்றுவது

‘கா’ குறி போட்ட இடங்களைக் கொப்பியில் ஏற்ற வேண்டியதில்லை. அந்த இரண்டு விநாடியை மட்டும் பிரதியைப் பார்த்தபடி மூன்று தடவை கேட்டு, கூடவே வாய்விட்டுச் சொல்லுங்கள், போதும். ‘எ’ குறிகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். சொல்லை மட்டும் எழுதாமல் குடும்பத்தையே எழுதுங்கள்: “பயணம், பயணி, பயணித்தார்” ஒரு வரி, “பயன், பயன்படு, பயனுள்ள” அதற்குக் கீழே. ‘மழை’ என்று பத்துத் தடவை எழுதுவதைவிட “மழைக்காலம், மழையால், மழைநீர்” என்று மூன்று வடிவத்தில் ஒருமுறை எழுதுவது மேல். துண்டுகளில் சொற்கள் வேற்றுமை உருபோடு வருவதால் அந்த வடிவங்களில்தான் கண் பழக வேண்டும்.

அடுத்த நாள் அதே துண்டை இரண்டே தடவை கேட்டு, புதிய பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை. ஆனால் அந்த மூன்றாம் முறையில் எல்லாமே சரியாக வந்தாலும் நம்பிவிடாதீர்கள். வாக்கியம் மனப்பாடம் ஆகியிருக்கும். உண்மையான சோதனைக்கு, உங்கள் ‘எ’ பக்கத்தை வாசிப்பவரிடம் கொடுத்து, அந்தச் சொற்கள் கலந்து வரும்படி அவரே இரண்டு மூன்று புது வாக்கியங்கள் சொல்லிப் பதிந்து அனுப்பட்டும்.

பத்துத் துண்டுகள் முடிந்ததும் குறிகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். ‘எ’ நிறைய, ‘கா’ அருமை என்றால், வேகமான துண்டுக்குப் போவதால் எதுவும் நடக்காது. அதே வேகத்தில் புதிய சொற்கள் உள்ள பந்திகளே தேவை. ‘கா’ நிறைய என்றால் பந்தியை எளிதாக்கி, அதையே வேறொரு குரலில் கேளுங்கள். யாழ்ப்பாணத்தவர் ‘நேற்று’, ‘மாற்று’ என்பவற்றில் சொல்லும் ற்ற ஒலியும் கொழும்பில் பலர் சொல்லும் ஒலியும் ஒன்றல்ல. மட்டக்களப்பு, மலையகக் குரல்களுக்கும் தனித்தனிச் சாயல் உண்டு. குரலை மாற்றும் வாரத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டாம். இரண்டையும் சேர்த்து மாற்றினால் பிழை எதனால் கூடியது என்று சொல்ல முடியாது.

பிரதியே பிழையாக இருந்தால்

வேறொருவர் எழுதிய வசனப் பிரதிகளையோ காணொளியின் கீழ்வரிகளையோ பயன்படுத்தத் தொடங்கியதும் இந்தச் சிக்கல் வரும். தன்னியக்கமாக உருவான கீழ்வரிகளைப் பிரதியாகக் கொள்ளவே கூடாது. அவற்றிலும் ர, ற குழப்பமும் விடுபட்ட ஒற்றுகளும் உண்டு. மனிதர் எழுதியதிலும் இடம் போதாமல் சொற்களைச் சுருக்கியிருப்பார்கள். உங்களுக்கும் பிரதிக்கும் ஒரு முழுச் சொல்லே வேறுபட்டால், இருவரில் யார் கேட்டது ஒலியில் இருக்கிறது என்று அந்த இடத்தைத் திரும்பக் கேட்டு முடிவெடுங்கள். எழுத்தில் மட்டும் வேறுபட்டால் அகராதியைப் பாருங்கள்; அதுவரை குறி போடாமல் கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

பிறமொழிச் சொற்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பொலிஸார், பொலிசார் என்று இரண்டும் நம் பத்திரிகைகளில் உண்டு, தமிழ்நாட்டில் போலீஸ். ஊர்ப்பெயர்கள் அப்படியல்ல. தெஹிவளை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று ஊர்கூடி ஏற்றுக்கொண்ட வடிவம் இருக்கும்போது காதை நம்பி ‘தெகிவலை’ என்று எழுதினால் அதற்கும் ஓர் ‘எ’ விழத்தான் வேண்டும்.